இரண்டு இன்ச் மூன்று நூல்: குழந்தைக் கட்டிலை அளந்து பார்ப்பது எப்படி

பரணிலிருந்து அந்தக் கட்டிலை இறக்கிய அன்று என் மனைவிக்கு ஏழாவது மாதம். பலா மரத்தில் செய்த கட்டில் அது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் பெரியப்பா தோப்பில் விழுந்த மரம் ஒன்றை அறுத்து, 2012-இல் அக்காவின் மகனுக்காகக் கடலூர் முதுநகரில் செய்து வாங்கினோம். பொன் மஞ்சள் நிறம், நான்கு மூலையிலும் கடைந்தெடுத்த குமிழ். "அவன் இதில்தானே வளர்ந்தான், துடைத்துப் போட்டால் போதும்" என்றார் அம்மா.

நான் இன்ச் டேப்பை எடுத்தேன். அன்றைக்கு அளந்ததில் தெரிந்தவற்றையும், பிறகு தச்சரோடு உட்கார்ந்து சரிசெய்ததையும், முதன்முறையாகக் குழந்தைக் கட்டில் வாங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடையில் வாங்கினாலும், தச்சரிடம் சொல்லிச் செய்தாலும், உறவினர் வீட்டிலிருந்து வந்தாலும் அளக்கும் முறை ஒன்றுதான். பார்க்க வேண்டிய இடைவெளிகள் இரண்டு. பக்கச் சட்டத்தில் வரிசையாகச் செங்குத்தாக நிற்கும் மரக் குச்சிகளை ரீப்பர் என்பார்கள்; ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவே உள்ளது ஒன்று. மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே உள்ளது மற்றொன்று.

ரீப்பர் இடைவெளி: ஏன் இந்த அளவு?

பெரியவர்கள் நாம் இடைவெளியைப் பார்த்ததும் "தலை இதில் போகாது, அப்புறம் என்ன" என்று நினைக்கிறோம். ஆபத்து வருவது தலை வழியாக அல்ல, கால் வழியாக. கைக்குழந்தையின் உடம்பில் பெரியதும் அமுங்காததும் தலைதான். இடுப்பும் வயிறும் மிருது, பக்கவாட்டில் பார்த்தால் தட்டை. குழந்தை உருண்டு புரண்டு பக்கச் சட்டத்தை ஒட்டி வரும்போது முதலில் கால்கள் வெளியே போகும். பிறகு இடுப்பு நழுவும், மார்பு நழுவும். தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ள, உடம்பின் பாரம் முழுவதும் கழுத்தில் தொங்கும். அழக்கூட முடியாது என்பதால் பக்கத்து அறையில் இருப்பவருக்கும் தெரியாது.

ஆகவே அளவு தலையை வைத்து முடிவு செய்யப்படவில்லை. மிகச் சிறிய குழந்தையின் இடுப்புகூட நுழையக்கூடாது என்பதை வைத்து முடிவு செய்யப்பட்டது. அமெரிக்காவில் 1974 முதல் நடைமுறையில் உள்ள விதி, இடைவெளி 2 3/8 இன்ச்சைத் தாண்டக்கூடாது என்கிறது. நம் தச்சர்கள் ஒரு இன்ச்சை எட்டு நூலாகப் பிரித்துப் பேசுவார்கள். அந்தக் கணக்கில் இது மிகச் சரியாக இரண்டு இன்ச் மூன்று நூல். மெட்ரிக்கில் 60 மி.மீ. ஐரோப்பியத் தர விதியான EN 716 சற்று வேறு விதமாகச் சொல்கிறது: 45 மி.மீ.க்குக் குறையவும் வேண்டாம், 65 மி.மீ.க்கு மிகவும் வேண்டாம்.

கீழ் எல்லையைப் பலரும் கவனிப்பதில்லை. நெருக்கமாக இருந்தால் இன்னும் பத்திரம் என்று தோன்றும். ஆனால் 25 மி.மீ.க்கும் 45 மி.மீ.க்கும் நடுவே உள்ள இடைவெளியில் கையோ காலோ உள்ளே போகும், முட்டியோ முழங்கையோ மடங்கிவிட்டால் திரும்ப வராது. 25-க்குக் குறைந்தால் கை கால் நுழையாது. 45-க்கு மேல் போனால் நுழைந்தாலும் எளிதாக வெளியே வந்துவிடும்.

இரண்டு விதிகளுக்கும் பொதுவான பகுதியை எடுத்துக்கொண்டால், 45-க்கும் 60-க்கும் நடுவே நின்றால் எந்தக் கணக்கிலும் தப்பில்லை. தச்சரிடம் சொல்லும்போது நான் "இரண்டு இன்ச்" என்றுதான் சொல்வேன். 50 மி.மீ. சொச்சம். கைப்பிழையில் ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் எல்லைக்குள் இருக்கும்.

அளக்கும் முறை

ரீப்பரின் அடியிலோ தலைப்பிலோ அளக்காதீர்கள். அங்கே அது துளைக்குள் இறுகி நிற்கிறது, தச்சர் குறித்த அளவே கிடைக்கும். உயரத்தின் நடுப்பகுதியில் அளக்க வேண்டும். மெல்லிய ரீப்பர் காலப்போக்கில் வளையும். பக்கத்து இரண்டும் எதிரெதிர்ப் புறம் வளைந்திருந்தால் நடுவில் அரை இன்ச்கூடக் கூடியிருக்கும். ஒரு இடைவெளியை மட்டும் அளந்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று விடுவதும் ஆகாது. மூலைக் காலுக்கும் முதல் ரீப்பருக்கும் நடுவே உள்ளதை மறக்காமல் பாருங்கள். பிழை அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

டேப்பை விட நம்பகமானது ஒரு மரக்கட்டை. அமெரிக்கச் சோதனையில் பயன்படுவது 60 மி.மீ. கனமும் 100 மி.மீ. நீளமும் 100 மி.மீ. உயரமும் உள்ள கட்டை. எந்தத் தச்சுப் பட்டறையிலும் துண்டு மரத்தில் ஐந்து நிமிடத்தில் அறுத்துத் தருவார்கள். அதன் 60 மி.மீ. பக்கத்தை ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் வைத்து அழுத்துங்கள். சும்மா வைத்துப் பார்த்தால் போதாது, உள்ளங்கையால் நன்றாகத் தள்ள வேண்டும். சோதனைக்கூடத்தில் சுமார் 9 கிலோ விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். குழந்தை உதைக்கும்போதும் நெட்டும்போதும் ரீப்பர் விலகிக் கொடுக்கிறதா என்பதே கேள்வி. டேப்பில் 58 காட்டிய இடைவெளி தள்ளியதும் கட்டையை வெளியே விட்டுவிட்டால், அந்த ரீப்பர் மெல்லியது. அளவு சரியாக இருந்தும் கட்டில் தேறாது.

குளிர்பானக் கேனை நுழைத்துப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கேன் நுழையாவிட்டால் கட்டில் சரி என்பார்கள். வழக்கமான 330 மி.லி. கேனின் குறுக்களவு சுமார் 66 மி.மீ. அது நுழையாத 64 மி.மீ. இடைவெளியில் நம் மரக்கட்டை தாராளமாகப் போய்விடும். ஒல்லிக் கேன்களோ சரியான இடைவெளியிலேயே நுழைந்து வீணாகப் பயமுறுத்தும். கேன்கள் பல பருமனில் வருகின்றன. கட்டையே போதும்.

எங்கள் கட்டில் என்ன சொன்னது

உள் நீளம் 51 இன்ச், உள் அகலம் 27 இன்ச். நீளப் பக்கத்தில் ஒரு இன்ச் அகலமுள்ள 12 ரீப்பர்கள், அவற்றுக்கு நடுவே 13 இடைவெளிகள். ஒவ்வொன்றும் 3 இன்ச். கூட்டிப் பாருங்கள்: 12-ம் 39-ம் சேர்ந்து 51. தச்சர் கணக்குப் பிசகாமல் செய்திருக்கிறார், சீராகவும் செய்திருக்கிறார். அவரிடம் அளவு சொன்னவர்கள் நாங்கள்தான். "அழகாக, காற்றோட்டமாக" என்று மட்டும் சொல்லியிருந்தோம். 3 இன்ச் என்றால் 76 மி.மீ. மரக்கட்டை எல்லா இடைவெளியிலும் தடையின்றிப் போய்வந்தது.

அக்கா மகனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அம்மா கேட்டார். அவன் முதல் ஏழு மாதம் பெரும்பாலும் தூளியில்தான் தூங்கினான் என்பது அக்காவைக் கேட்டபோது தெரிந்தது. கட்டிலுக்கு வந்தபோது அவன் இடுப்பு அந்த இடைவெளியை விடப் பெரிதாகிவிட்டது. நாங்கள் அதே கட்டிலில் பிறந்த குழந்தையைக் கிடத்தப்போகிறோம்.

இன்னொரு கோளாறும் தெரிந்தது. ரீப்பரை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். நான்கு ரீப்பர்கள் துளைக்குள் சுழன்றன, ஒன்று ஆட்டினால் மேலே எழும்பியது. டிசம்பர் கடைசியில் விழுந்த மரத்தை அடுத்த வருடமே அறுத்துக் கட்டிலாக்கியதன் விளைவு இது. பச்சை மரம் உலர உலர அகலத்தில் சுருங்கும். துளைக்குள் இறுக நுழைத்த ரீப்பர் முனை, அதாவது நாக்கு, ஒரு மி.மீ. மெலிந்தாலே பிடிமானம் போய்விடும். இந்தக் கடற்கரை ஊர்களில் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மரம் ஊதி எல்லாம் இறுக்கமாகத் தெரியும். கத்திரி வெயிலில்தான் குட்டு வெளிப்படும். ஒரு ரீப்பர் கழன்று விழுந்தால், இடைவெளி சரியான இரண்டு இன்ச்சாக இருக்கும் கட்டிலில்கூட, இரண்டு இடைவெளியும் விழுந்த ரீப்பரும் சேர்ந்து ஐந்து இன்ச் ஓட்டை திறந்துவிடும். எனவே திருகிப் பார்ப்பதை மே மாதத்தில் ஒரு முறை கட்டாயம் செய்யுங்கள்.

சரிசெய்யப் போனால் வரும் இரண்டு தவறுகள்

முதல் யோசனை எனக்கே தோன்றியதுதான். ஒவ்வொரு 3 இன்ச் இடைவெளியின் நடுவிலும் ஒரு இன்ச் ரீப்பர் ஒன்றைப் புதிதாகச் சொருகிவிட்டால் போயிற்று. தச்சர் சரி என்று தலையாட்டினார். மறுபடி கணக்குப் போட்டபோது சிக்கல் புரிந்தது. மூன்றிலிருந்து ஒன்று போக மீதி இரண்டு, இருபுறமும் ஒவ்வொரு இன்ச். ஒரு இன்ச் என்பது 25.4 மி.மீ. கை கால் மாட்டும் எல்லையின் வாசலிலேயே நிற்கிற அளவு. புது ரீப்பர் கொஞ்சம் ஒதுங்கி நின்றால் ஒரு பக்கம் 30 ஆகிவிடும், பிறந்த குழந்தையின் கால் போவதற்குத் தோதான இடம். பழைய துளைகளை விட்டுவிட்டு, மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் புதிதாகப் போட்டு, ரீப்பர்களை முதலிலிருந்து பகிர்வது என்று முடிவானது.

இரண்டாவது தவறு பகிர்வதில் வரும். தச்சர்கள் இடைவெளி அகலத்துக்கு ஒரு கட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, ரீப்பர், கட்டை, ரீப்பர், கட்டை என்று வரிசையாக வைத்துக் குறித்துக்கொண்டே போவார்கள். வேகமான முறை, இடைவெளிகளும் சீராக வரும். எங்கள் 51 இன்ச்சில் 16 ரீப்பர் வைத்தால் 17 இடைவெளி. அவர் சரியாக 2 இன்ச் கட்டையை வைத்துத் தொடங்கினார். ரீப்பர்கள் 16 இன்ச், இடைவெளிகள் 34 இன்ச், மொத்தம் 50. மிச்சம் ஒரு இன்ச். அது எங்கே போகும்? கடைசி ரீப்பருக்கும் மூலைக் காலுக்கும் நடுவே போய், அந்த ஒரு இடைவெளி மட்டும் 3 இன்ச்சாக நிற்கும். மூலை இடைவெளியை மறக்காமல் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

"அண்ணா, நடுவிலிருந்து தொடங்கி, மிச்சத்தை இரண்டு மூலைக்கும் சரிபாதியாகத் தள்ளிவிட்டால்?" என்று கேட்டேன். அவரே கணக்குப் போட்டுத் தலையசைத்தார். "இரண்டு மூலையிலும் இரண்டரை இன்ச் வரும் தம்பி. உங்கள் மூன்று நூல் கணக்கை அதுவும் தாண்டும்." இரண்டரை இன்ச் என்பது 63.5 மி.மீ.

சரியான வழி, மிச்சத்தை எல்லா இடைவெளிக்கும் பங்கிடுவது. உள் நீளத்திலிருந்து ரீப்பர்களின் மொத்த அகலத்தைக் கழியுங்கள். வந்ததை, ரீப்பர் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். எங்களுக்கு 51-இலிருந்து 16 போக 35. அதை 17-ஆல் வகுத்தால் 2.06 இன்ச், அதாவது 52 மி.மீ. சொச்சம். அகலப் பக்கத்தில் 8 ரீப்பர் வைத்தோம். 27-இலிருந்து 8 போக 19, அதை 9-ஆல் வகுத்தால் 2.11 இன்ச், கிட்டத்தட்ட 53 அல்லது 54 மி.மீ. இந்தச் சின்னப் பின்னங்களை நூல் கணக்கில் குறிப்பது சிரமம். டேப்பின் மி.மீ. பக்கத்தைத் திருப்பிப் பயன்படுத்தச் சொல்லுங்கள். தச்சர் 52 மி.மீ. கட்டை ஒன்றை வெட்டிக்கொண்டு குறித்தார். 17 இடைவெளிக்கு மிச்சம் 5 மி.மீ. மட்டுமே நின்றது. அதைக் கடைசியில் விட்டாலும் 57 தான்.

ரீப்பரின் கனம் முக்கால் இன்ச்சுக்குக் குறைய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நன்கு உலர்ந்த வேப்ப மரம் அவரிடம் இருந்தது. பலாச் சட்டத்தில் வேம்பு ரீப்பர் நிறம் ஒத்துப்போகவில்லை, அது பரவாயில்லை. நாக்கில் பசை தடவித் துளையில் இறக்கினார். ஆணி அடிக்க வேண்டாம் என்றேன். மரம் சுருங்கும்போது ஆணியின் தலை வெளியே எழும்பும்.

அதோடு மூலைக் குமிழ்களையும் அறுத்தெடுத்தோம். அம்மாவுக்கு மனமே இல்லை. ஆனால் நிற்கக் கற்ற குழந்தையின் சட்டைக் கழுத்தோ அரைஞாண் கயிறோ அந்தக் குமிழில் மாட்டினால் அதுவும் தூக்குக் கயிறுதான். மூலைக் கால் மேல் சட்டத்தின் மட்டத்தோடு நிற்க வேண்டும். ஒன்றரை மி.மீ.க்கு மேல் எழும்பக்கூடாது.

மெத்தை இடைவெளி

இங்கே ஆபத்து வேறு மாதிரி. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே பள்ளம் இருந்தால் குழந்தை உருண்டு போய் முகம் அதற்குள் இறங்கும். மூக்கு ஒரு புறம் மெத்தையிலும் மறு புறம் மரத்திலும் அழுந்தும். நான்கைந்து மாதக் குழந்தைக்குக் குப்புற விழத் தெரியும், அந்தப் பள்ளத்திலிருந்து தலையைத் தூக்கித் திருப்பத் தெரியாது.

EN 716 விதிப்படி, மெத்தையை எங்கே தள்ளி வைத்தாலும் எந்தப் பக்கத்திலும் இடைவெளி 30 மி.மீ.க்கு மிகக்கூடாது. அமெரிக்க அளவுகளில் கட்டிலும் மெத்தையும் மிக மோசமாகப் பொருந்தினால்கூட ஒரு இன்ச் மூன்று நூலுக்கு, 35 மி.மீ.க்கு, உள்ளேதான் வரும். பலரும் சொல்லும் இரண்டு விரல் கணக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். இரண்டு விரலைச் சேர்த்து நுழைத்து, தாராளமாகப் போனால் மெத்தை சிறியது.

அளக்கும்போது மெத்தையை நடுவில் வைத்து அளக்கக்கூடாது. அப்படி அளந்தால் பாதிதான் தெரியும். மெத்தையை ஒரு மூலைக்கு முழுக்கத் தள்ளுங்கள். எதிர்ப்புறம் நீளத்திலும் அகலத்திலும் திறக்கும் இடைவெளியே உண்மையான அளவு. உறை போட்ட பிறகு அளவெடுங்கள், ஏனெனில் இறுக்கமான உறை மூலைகளை உள்ளிழுத்து வட்டமாக்கிவிடும். துவைத்துச் சுருங்கிய உறை இன்னும் இழுக்கும்.

எங்கள் பழைய மெத்தை இலவம்பஞ்சு. 48 இன்ச் நீளம், 25 இன்ச் அகலம். மூலைக்குத் தள்ளியபோது நீளத்தில் 3 இன்ச், அகலத்தில் 2 இன்ச் திறந்தது. 76 மி.மீ., 51 மி.மீ. இரண்டுமே தேறவில்லை. ஆனால் இலவம்பஞ்சு மெத்தையின் குறை நீள அகலத்தோடு முடிவதில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் பக்கத்தில் "குழந்தைக்கு இலவம்பஞ்சுதான் குளிர்ச்சி" என்று மெத்தை தைப்பவரை வீட்டுக்கே வரவழைத்துப் புதிதாகத் தைத்துக் கொடுப்பது பாசத்தோடு செய்யும் சீர்.

பஞ்சு மெத்தையின் ஓரம் நிமிர்ந்து நிற்காது, தலையணை போல வளைந்து சரியும். மேலிருந்து பார்க்க ஓரம் சட்டத்தைத் தொடுவதுபோல் இருக்கும். ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், மெத்தை அமுங்கி விலகும், மூன்று விரல் போகும் பள்ளம் தெரியும். குழந்தையின் தலையும் அதைத்தான் செய்யும். வெயிலில் போட்டு எடுத்த அன்று உப்பி நிற்கும் பஞ்சு, பத்து நாளில் நடுவில் குழிந்து ஓரங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே இன்று அளந்த அளவு அடுத்த வாரம் இருக்காது. குழிந்த நடுப்பகுதியில் முகம் புதைவதும் மூச்சுக்கு ஆகாது. குழந்தை விழித்து விளையாடும்போது, பெரியவர்களின் கண்ணெதிரில் மட்டும், அந்த மெத்தையைப் பயன்படுத்தட்டும். இரவில் தனியே தூங்கும் கட்டிலுக்குக் கெட்டியான, தட்டையான மெத்தை வேண்டும்.

நாங்கள் ரப்பர் பூசிய தென்னைநார் மெத்தையை அளவுக்கு வெட்டித் தரச் சொன்னோம். கட்டில் உள்ளளவு 51-க்கு 27. மெத்தைக்கு 50½-க்கு 26½ கொடுத்தோம். உறையோடு மூலைக்குத் தள்ளினால் எதிர்ப்புறம் அரை இன்ச், 13 மி.மீ. அளவுக்குத் திறக்கிறது. வெட்டுபவரின் கை ஒன்றிரண்டு நூல் தவறினாலும் 30-க்குள் நிற்கும் என்பதால்தான் இவ்வளவு தாராளம் விட்டோம். கடைக்குக் கொடுக்கும் அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள், வாங்கும்போது கடையிலேயே அளந்து வாங்குங்கள்.

பெரிதாக வாங்கி அமுக்கி நுழைப்பதும் தவறு. நடுவில் மேடாக எழும்பி, குழந்தை சட்டத்தை நோக்கி உருளும்.

பிரான்சிலிருந்து வந்த கட்டில்

புதுச்சேரியில் பல வீடுகளில் பிரான்சிலிருந்து உறவினர் அனுப்பிய கட்டில்கள் இருக்கின்றன. அவற்றில் EN 716 என்று ஒட்டியிருந்தால் ரீப்பர் அளவு பற்றி அதிகம் கவலையில்லை, திருகிப் பார்த்தால் போதும். சிக்கல் மெத்தையில் வருகிறது. கட்டில் சென்டிமீட்டரில் வருகிறது, நம் ஊர் மெத்தை அடியிலும் இன்ச்சிலும் வருகிறது.

அங்கே பரவலான அளவுகள் 60-க்கு 120 செ.மீ., 70-க்கு 140 செ.மீ. நம் கடையின் இரண்டடிக்கு நான்கடி மெத்தை 61-க்கு 122 செ.மீ. முதல் கட்டிலுக்கு அது பெரிது, நடுவில் மேடாகும். இரண்டாவதற்கு 27-க்கு 54 இன்ச் வாங்கினால் 68.6-க்கு 137.2 செ.மீ. அகலத்தில் இடைவெளி 14 மி.மீ., நன்று. நீளத்தில் 28 மி.மீ. கணக்கில் தேறிவிடும், ஆனால் மெத்தை ஒரு நூல் குறைவாக வெட்டப்பட்டாலே 31 ஆகிவிடும். அந்தக் கட்டில்களுக்குச் சென்டிமீட்டரிலேயே அளவு கொடுத்து வெட்டி வாங்குங்கள். 69-க்கு 139 என்று கொடுக்கலாம்.

உயரமும் அடிப்பலகையும்

மெத்தையின் கனம் அகலத்தைப் போலவே கணக்கில் வர வேண்டும். அடிப்பலகை கீழ்நிலையில் இருக்கும்போது, அதிலிருந்து மேல் சட்டம் வரை குறைந்தது 60 செ.மீ. இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அமெரிக்காவில் 26 இன்ச், அதாவது 66 செ.மீ. மெத்தை போட்ட பிறகு, மெத்தையின் மேல் மட்டத்திலிருந்து 50 செ.மீ. மிஞ்ச வேண்டும். 60 செ.மீ. உயரமுள்ள கட்டிலில் 10 செ.மீ. மெத்தை போட்டால் 50 கிடைக்கும். அதன்மேல் இன்னொரு மெத்தையோ இரண்டு மூன்று கம்பளியோ மடித்துப் போட்டால் அந்த அளவு போய்விடும். சட்டத்தைப் பிடித்து நிற்கும் எட்டு ஒன்பது மாதக் குழந்தைக்கு அது ஏறிக் குதிக்கும் உயரமாகிவிடும். அடிப்பலகைக்கு மேல்நிலை இருந்தால், குழந்தை தானாக எழுந்து உட்காரத் தொடங்கியதும் கீழே இறக்குங்கள்.

அடியில் ரீப்பர் போட்ட கட்டிலில் அந்த இடைவெளியும் 60 மி.மீ.க்குள் இருக்கட்டும், இல்லையேல் மெத்தை நடுநடுவே தொய்யும். எங்கள் கட்டிலுக்கு அடியில் பிளைவுட் போட்டுக் காற்றுக்காகத் துளைகள் போட்டோம். கடற்காற்றில் மெத்தையின் அடிப்புறம் பூஞ்சை பிடிக்கும், வாரம் ஒரு முறை நிமிர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. மறுபடி போடும்போது மூலைக்குத் தள்ளி விரலை நுழைத்துப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

இடைவெளியை எதைக் கொண்டும் அடைக்காதீர்கள்

சட்டத்தைச் சுற்றிப் பஞ்சுத் துணிக் கரை கட்டுவது, மெத்தை ஓரத்தில் புடவையைச் சுருட்டித் திணிப்பது, கடுகுத் தலையணையை அண்டை கொடுப்பது, இவை மூன்றும் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்லும் தீர்வுகள். திணித்த துணி இரவில் எழும்பி முகத்துக்கு வரும். கரை கட்டிய கயிறு கழுத்துக்கு வரும். கரையில் கால் வைத்து ஏறவும் செய்யும் குழந்தை. பள்ளம் இருந்தால் மெத்தையை மாற்ற வேண்டும், ரீப்பர் அகன்றிருந்தால் ரீப்பரை மாற்ற வேண்டும். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, கட்டிலுக்குள் இறுக்கமான விரிப்பைத் தவிர வேறெதுவும் வைக்காதீர்கள். கொசுவலையைக் கட்டிலுக்கு வெளியே, கைக்கு எட்டாத தூரத்தில், விறைப்பாகக் கட்டுங்கள். தொய்ந்து உள்ளே தொங்கினால் அதுவும் திணித்த துணி போலத்தான்.

கட்டிலைச் சுவரை ஒட்டியோ பெரிய கட்டிலை ஒட்டியோ போடும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். கீழே இறக்கும் பக்கச் சட்டம் உள்ள பழைய கட்டில் கிடைத்தால், அந்தப் பக்கத்தைப் போல்ட் போட்டு நிரந்தரமாக இறுக்கிவிடுங்கள். ஒரு பக்கக் கொக்கி தேய்ந்தால் சட்டம் சாய்ந்து, மெத்தைக்கும் அதற்கும் நடுவே ஆப்பு வடிவில் பள்ளம் விழும். அந்த வகைக் கட்டிலை விற்பதையே அமெரிக்கா 2011 ஜூன் மாதம் முதல் தடை செய்தது.

எங்கள் கட்டில் வேலை முடிந்து வந்த மாலை, தச்சர் தம் பையிலிருந்து அந்த 60 மி.மீ. கட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா தாமே உட்கார்ந்து நான்கு பக்கமும், மூலைகள் உட்பட ஐம்பத்திரண்டு இடைவெளியிலும், ஒவ்வொன்றாக வைத்துத் தள்ளிப் பார்த்தார். ஒன்றிலும் போகவில்லை. கட்டை இப்போது கட்டிலுக்கு அடியில் ஒரு கயிற்றில் தொங்குகிறது. மே மாதம் வந்தால் மறுபடி எடுப்போம்.